மிஞ்சிய மாத்திரையும் புது ஜுரமும்

(பாலிகஞ்சில் நடந்த கல்கத்தா கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையும், அதன் பின் நடந்த கேள்வி பதிலும்)



கிளைக் காரியதரிசி என்னை அழைத்தபோது, "மழைக்காலம் வந்தாச்சு, ஆத்துக்கு ஆத்து ஜுரம். அதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்றார். ஜுரம் என்பது பெரிய சமுத்திரம். அரை மணி நேரத்தில் நீந்திக் கரையேற முடியாது. ஆகவே ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக் கொண்டிருக்கிறேன். போன தடவை உடம்புக்கு வந்தபோது வாங்கி, தீராமல் மிஞ்சிப் போய், மருந்து டப்பாவில் கிடக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை. அதைப் புதிதாக வந்த ஜுரத்துக்கு எடுத்துப் போட்டுக் கொண்டால் என்ன நடக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் நோயாளிகளுக்கு மருந்து எழுதிக் கொடுத்தவள் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பரிசோதனைக் கூடத்தில், நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்தவள். டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவர்களுடைய ரத்தம் அடைத்த பாட்டில்களைப் பார்த்தேன். அந்தப் பாட்டில் பக்கத்திலிருந்து இந்த விஷயம் எப்படித் தெரிகிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில், மாத்திரை ஏன் மிஞ்சுகிறது? ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை எழுதித் தருகிறார்கள். மூன்றாம் நாள் உடம்பு தேவலை. நாலு மாத்திரை அட்டையிலேயே தங்கி விடுகிறது. சில சமயம் டாக்டரே நடுவில் மருந்தை மாற்றி விடுவார், பழையது மிஞ்சும். கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், அஸித்ரோமைசின் வாங்கி வைக்காத வீடு அபூர்வம். நாமோ எதையும் வீணாக்காத பரம்பரை. பழைய சாதத்தையே எறிய மனசு வராது. அட்டைக்கு நூறு, இருநூறு கொடுத்து வாங்கிய மாத்திரையை எப்படி எறிவது? பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைக்கிறோம்.

அப்புறம் ஒரு ராத்திரி ஜுரம் வருகிறது. பூஜா விடுமுறையாக இருந்தால் நம் டாக்டர் ஊரில் இருக்க மாட்டார், சேம்பர் பூட்டியிருக்கும். பிள்ளை பெங்களூரிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ போனில், "அப்பா, போன தடவை கொடுத்தாரே, அது இருக்கா பாரு" என்கிறான். டின் திறக்கிறது.

இந்த இடத்தில் கல்கத்தாவின் ஜுரங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இந்த ஊரில் ஒருவருக்கு 102 டிகிரி ஜுரம் வந்தால் அது சாதாரண வைரஸ் ஜுரமாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம், மலேரியாவாக இருக்கலாம், டைபாய்டாக இருக்கலாம், வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். முதல் இரண்டு நாள் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே முகத்தோடுதான் வரும். உடம்பு வலி, தலைவலி, பசியின்மை. இவற்றில் வைரஸ் ஜுரத்துக்கும் டெங்குவுக்கும் எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. மலேரியாவுக்கு வேறு வகை மருந்து. டைபாய்டுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும், ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது இரண்டுக்கும் வேறு வேறு. டின்னில் இருக்கிற நாலு மாத்திரைக்கு இதெல்லாம் தெரியாது.

டைபாய்டை உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். ஏனென்றால் பழைய மாத்திரை செய்யும் கெடுதல் இதில்தான் துல்லியமாகத் தெரிகிறது.

டைபாய்டைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, ரத்தத்தை எடுத்துச் சத்துள்ள திரவம் நிரம்பிய பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பிளட் கல்ச்சர் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. டைபாய்டு வந்தவரின் ரத்தத்தில் கிருமிகள் கூட்டம் கூட்டமாக நீந்துவதில்லை. பெரும்பாலும் ஒரு மில்லி ரத்தத்துக்கு ஒரு கிருமி இருந்தாலே அதிகம். அதனால்தான் பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி வரை ரத்தம் கேட்கிறோம். "இத்தனை ரத்தமா" என்று கோபித்துக் கொள்வார்கள். இரண்டு மில்லி எடுத்தால் அதில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். மருந்தே சாப்பிடாதவரிடம், நல்ல அளவு ரத்தம் எடுத்தாலும், பத்து டைபாய்டில் ஆறு அளவுக்குத்தான் கல்ச்சரில் பிடிபடும். ஏற்கெனவே அவ்வளவு மெல்லிய நூல் அது.

கிருமியின் உண்மையான குடியிருப்பு ரத்தம் இல்லை. ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை ஆகிய இடங்களில், நம் உடம்பின் செல்களுக்கு உள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கும். இப்போது பழைய அட்டையிலிருந்து இரண்டு மூன்று மாத்திரை உள்ளே போகிறது. ரத்தத்தில் திரிகிற அந்தச் சில கிருமிகளை அது எளிதாகத் துடைத்து விடும். வீட்டுக்குள் இருப்பவை அப்படியே இருக்கும். நோய் உடம்பில் இருக்கிறது, ஆனால் பாட்டிலில் இல்லை. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது வாசலில் இருந்த காலடித் தடத்தை மட்டும் பெருக்கிச் சுத்தம் செய்த மாதிரி. இப்போது வரும் பாட்டில்களில் மருந்தை உறிஞ்சிக் கொள்ளும் பிசின் மணிகள் போட்டிருக்கிறார்கள். அது ரத்தத்தோடு வந்த மருந்தை ஓரளவு அகற்றும். உடம்பிலேயே செத்துப்போன கிருமியை அது உயிர்ப்பிக்காது.

கூடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு வரிசையைச் சொல்கிறேன். பலருடைய கதைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு மாமாவாக வைத்துக் கொள்வோம். வயது 66, எடை 60 கிலோ. மார்ச் மாதம் சிறுநீர் எரிச்சலுக்கு டாக்டர் ஸெஃபிக்ஸிம் 200 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாளைக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் எரிச்சல் போயிற்று. நாலு மாத்திரை மிச்சம்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ஜுரம், 101. செவ்வாய் காலை மாமி டின்னைத் திறந்தாள். செவ்வாய் இரண்டு, புதன் இரண்டு, நாலும் தீர்ந்தது. வியாழன் ஜுரம் 100க்கு இறங்கியது. "பார்த்தேளா, கேட்டுடுத்து" என்று சந்தோஷம். வெள்ளி மாலை 102. சனி 103, நாக்கில் வெள்ளைப் படிவு, வயிறு உப்புசம். சனிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு கல்ச்சர் எடுக்கச் சொன்னார். பாட்டில் எங்களிடம் வந்தது. ஐந்து நாள் வைத்திருந்தோம். "வளர்ச்சி எதுவும் இல்லை" என்று அறிக்கை போயிற்று.

கணக்கைப் பாருங்கள். டைபாய்டுக்கு ஸெஃபிக்ஸிம் கொடுப்பதானால், உடம்பு எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம். 60 கிலோ மாமாவுக்கு ஒரு நாளைக்கு 900 முதல் 1200 மில்லிகிராம். அதையும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை கொடுக்க வேண்டும். மாமா இரண்டு நாளில் சாப்பிட்டது மொத்தமே 800. ஒரு நாள் மருந்துகூட முழுசாக உள்ளே போகவில்லை. நோயைத் தீர்க்க அது போதாது. பரிசோதனையைக் கெடுக்க மட்டும் தாராளமாகப் போதும்.

இனி டாக்டரின் சங்கடத்தை யோசியுங்கள். கல்ச்சரில் கிருமி வளர்ந்திருந்தால், அடுத்த நாளே எந்த மருந்துக்கு அது மடியும், எதற்கு மடியாது என்ற பட்டியலும் அவர் கைக்குப் போயிருக்கும். இப்போது அவரிடம் எதுவும் இல்லை. விடால் டெஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். அது கிருமியைக் காட்டாது. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைக் காட்டும். அதுவும் இரண்டாவது வாரத்தில்தான் ஏறும். நம் ஊர் மாதிரி டைபாய்டு புழங்கும் இடத்தில், எப்போதோ வந்து போன தொற்றினாலும் விடால் நேராகக் காட்டலாம். பாதி மருந்து சாப்பிட்டவருக்கு ஏற வேண்டியது ஏறாமலும் போகலாம். ஆக, அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

மிச்சம் என்ன? ஸ்கேன், இன்னும் நாலு ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊகத்தின் பேரில் ஊசி. ஜுரம் ஏற்கெனவே இரண்டாவது வாரத்தில் நிற்கிறது. சரியான சிகிச்சை கிடைக்காத டைபாய்டில், குடலில் ரத்தக் கசிவும் குடல் ஓட்டையும் வருவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். அதனால் அந்த ஐந்தாறு நாள் நஷ்டம் சின்ன நஷ்டம் இல்லை. புதன்கிழமை காலை, மாத்திரை எதுவும் தொடாமல் ரத்தம் கொடுத்திருந்தால், வெள்ளி அல்லது சனிக்குள் பாட்டில் பேசியிருக்க வாய்ப்பு உண்டு.

வியாழக்கிழமை ஜுரம் இறங்கியதே, அது எப்படி என்று கேட்கலாம். பாதி மருந்து ஜுரத்தைக் கொஞ்சம் அடக்கும். அது குணம் இல்லை. டைபாய்டில் சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தாலும் ஜுரம் முழுவதும் விட நாலு முதல் ஆறு நாள் ஆகும். ஆகவே இரண்டு நாளில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும், அதை வைத்து மருந்து கேட்டதா இல்லையா என்று வீட்டில் தீர்மானிக்கவே முடியாது.

இறங்குகிற ஜுரம் இன்னும் பொல்லாத விதத்தில் ஏமாற்றுவது டெங்குவில். கல்கத்தாவுக்கு டெங்கு புதிதில்லை. 1963லேயே ரத்தக் கசிவோடு கூடிய டெங்கு இங்கே பெரிதாகப் பரவியது. இந்த ஜுரம் தானாகவே பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும். யாராவது இரண்டாம் நாள் பழைய அஸித்ரோமைசின் சாப்பிட்டிருந்தால், நாலாம் நாள் ஜுரம் விட்டதும் பெயர் மாத்திரைக்குப் போகும். ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் ஜுரம் விடுகிற அந்த நேரத்தில்தான் ஆரம்பம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, பிளேட்லெட் குறைகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு கவனிக்க வேண்டிய நாள். மாத்திரை குணப்படுத்தி விட்டது என்று நம்பிய வீட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது படபடப்பு, சிறுநீர் குறைவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும், உடனே ஆஸ்பத்திரி.

இப்போது கொஞ்சம் பழைய கதை. 1948ல் கோலாலம்பூரில் தியோடோர் உட்வர்ட் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவினரும் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தை டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திய ஜுரம் சில நாளில் விட்டது. அதற்கு முன் டைபாய்டு என்றால் வீட்டில் எல்லோரும் கலங்கிப் போவார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். கால் நூற்றாண்டு அந்த மருந்து ராஜாவாக இருந்தது. 1972ல் கோழிக்கோட்டில் அதற்கு அசையாத டைபாய்டு கிருமி பரவியது. அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டது, அந்த எதிர்ப்புச் சக்தியை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது என்பதை.

அடுத்து நம் ஊர். 1989-90ல் கல்கத்தாவிலும் கிழக்கிந்தியாவின் பிற இடங்களிலும் பரவிய டைபாய்டு, குளோராம்ஃபெனிகால், ஆம்பிஸிலின், கோட்ரைமாக்ஸஸோல் என்று அப்போது கையில் இருந்த மூன்றுக்கும் மசியவில்லை. ஸிப்ரோஃப்ளாக்ஸஸின் வந்து காப்பாற்றியது. அதை இருமலுக்கும் பேதிக்கும் சளிக்கும் என்று எல்லாவற்றுக்கும் சாப்பிட்டோம். இன்று நம் நாட்டு டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை ஸிப்ரோஃப்ளாக்ஸஸினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அடுத்து ஸெஃப்ட்ரியாக்ஸோன், ஸெஃபிக்ஸிம், அஸித்ரோமைசின். 2016ல் பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் தொடங்கிய டைபாய்டு, ஸெஃப்ட்ரியாக்ஸோனையும் மீறியது. அங்கே வாய்வழி மருந்தாக அஸித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது.

நம் டின்னிலிருந்து போன நாலு மாத்திரைதான் இத்தனைக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நியாயமும் இல்லை. ஆனால் வழி இதுதான். நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. வைரஸ் ஜுரத்துக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. இந்தக் குடல் கிருமிகளைத்தான் தாக்கும். பலவீனமானவை சாகும், மருந்தைத் தாங்குபவை தங்கிப் பெருகும். கோழிக்கோட்டில் கண்டது போல, அவை அந்தச் சக்தியைக் கைமாற்றும். அடுத்த முறை அதே மனிதருக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது, மார்ச் மாதம் கேட்ட மாத்திரை கேட்பதில்லை. கூடத்தில் அந்தப் பட்டியலில் வரிசையாக எதிர்ப்பு என்று எழுதும்போது, எதிரில் இருப்பது வெறும் பெயர்தான் என்றாலும் மனசு கஷ்டப்படும்.

இந்தக் கதையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளோராம்ஃபெனிகால் உபயோகம் குறைந்த பின், வருஷங்கள் போகப் போக, நம் நாட்டு டைபாய்டுக் கிருமிகள் பெருமளவு அதற்கு மறுபடி கட்டுப்பட ஆரம்பித்தன. மருந்தைச் சும்மா விட்டால் சில மருந்துகளுக்காவது சக்தி திரும்பும் என்பதற்கு இது சாட்சி.

சரி, ராத்திரி ஜுரம் வந்தால் என்ன செய்வது? ஒரு நோட்டில் ஜுரத்தை நாளைக்கு நாலு தடவை எழுதுங்கள். முதல் ஜுரம் எந்த நாள், எத்தனை மணி என்பதையும். அந்த ஒரு தேதி டாக்டருக்கு மிக முக்கியம், ஏனென்றால் எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பது அதைப் பொறுத்தது. டெங்குவின் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள். மலேரியாவுக்கு எந்த நாளும் பார்க்கலாம். கல்ச்சர் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால். பெரியவர்கள் பாரஸிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிடலாம். ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். டெங்கு இல்லை என்று தெரியும் வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், ஜுரத்துக்கென்று ஆஸ்பிரினும் வேண்டாம். ரத்தம் கசிய விடும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். கஞ்சி, மோர், ரசம் என்று தண்ணீர்ச் சத்து நிறைய. மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். வயதானவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் முதல் நாளே. மூச்சுத் திணறல், மனக் குழப்பம், கழுத்து விறைப்பு இருந்தால் அந்த நேரமே.

ஏற்கெனவே பழைய மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மறைக்கவே கூடாது. டாக்டர் கோபிப்பார் என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். காலி அட்டையையே கையில் கொண்டு போங்கள். எது, எத்தனை, எப்போது என்று தெரிந்தால், "வளர்ச்சி இல்லை" என்ற அறிக்கையை அவர் எப்படி நம்புவது என்று அவருக்குத் தெரியும். பரிசோதனைச் சீட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

கடைசியாக அந்த டின். இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். அட்டையின் இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். ஆன்டிபயாடிக் மட்டுமல்ல, வேறு சில மருந்துகளிலும் அந்தக் கோடு இருக்கும். தினசரி சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைக் கழிவறையிலோ வாஷ் பேசினிலோ கொட்ட வேண்டாம். சாக்கடைக் கிருமிகளுக்கு அது பயிற்சிப் பள்ளி. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, டிகாக்ஷன் இறங்கிய காபிப்பொடிச் சக்கையோடு பிசைந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, அபாயக் குப்பையாகத் தனியே கொடுங்கள். காபிச் சக்கைக்கு நம் வீடுகளில் பஞ்சம் இல்லை. கேரளத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கு இன்னும் வசதி. 2019ல் திருவனந்தபுரத்தில் மிஞ்சிய மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. 2025ல் கோழிக்கோட்டில் அதை வீடு வீடாகச் சேகரிக்கும் அளவுக்கு விரிவாக்கினார்கள். 1972ல் கலங்கிய அதே ஊர்.

இனி நீங்கள் கேட்கலாம்.

கேள்வி: அப்படியானால் எழுதிக் கொடுத்த மாத்திரை முழுவதையும் எப்போதும் தீர்த்தே ஆக வேண்டுமா?

பதில்: இப்போது சில நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று டாக்டர்களே நாளைக் குறைத்து வருகிறார்கள். டைபாய்டு போன்றவற்றுக்கு முழு நாளும் அவசியம், இல்லாவிட்டால் திரும்பி வரும். ஆகவே நிறுத்துவதை நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. "நாலு நாளில் சரியாகி விட்டது, நிறுத்தலாமா" என்று போனில் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், மிஞ்சியதை அன்றைக்கே காபிச் சக்கையில் போடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் ஃபிரிட்ஜில் பாதி இருக்கிறது. காலாவதித் தேதி அடுத்த வருஷம்தானே?

பதில்: அந்தத் தேதி பொடியாக இருக்கும் வரைதான். தண்ணீர் விட்டுக் கலக்கிய பின் அதன் ஆயுள் ஒன்று அல்லது இரண்டு வாரம், பாட்டிலிலேயே எழுதியிருக்கும். தவிர, குழந்தைக்கு மருந்து எடையைப் பொறுத்தது. ஆறு மாதத்தில் எடை ஏறியிருக்கும். போன தடவை அளவு இந்தத் தடவை பொருந்தாது.

கேள்வி: போன வருஷம் என் ஜுரத்துக்கு அதே மாத்திரை இரண்டே நாளில் கேட்டது. அது பொய்யா?

பதில்: ஜுரம் விட்டது நிஜம்தான், மாமா. வைரஸ் ஜுரங்களில் பெரும்பாலானவை மூன்று நாலு நாளில் தானாகவே விடும். மூன்றாம் நாள் விபூதி இட்டுக் கொண்டிருந்தாலும் நாலாம் நாள் விட்டிருக்கும். விபூதி கல்ச்சரைக் கெடுக்காது, அதுதான் வித்தியாசம்.

(சபையில் சிரிப்பு.)